இந்தப் பானைக்கு ஒரு சோறு பதம் அல்ல

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், வாசகர் கடிதங்களைத் தெரிவு செய்யும் வேலையை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஒருநாள், ஓர் ஊரின் கூட்டுறவுச் சங்கத் தலைவரைப் பாராட்டிக் கடிதம் ஒன்று வந்தது. நல்ல தமிழ், அளவான புகழ்ச்சி, கடைசியில் ஒரு சிறு குறையும் சொல்லப்பட்டிருந்தது. பிரசுரத்துக்கு எடுத்து வைத்தேன். அதே வாரத்தில் அதே தலைவரைப் பற்றி மேலும் எட்டுக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. பெயர்கள் வேறு, கையெழுத்துகள் வேறு, சொற்களும் வேறு. ஒவ்வொன்றையும் தனித்தனியே வாசித்தபோது எனக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை.

எனது மூத்த உதவி ஆசிரியர் ஒன்பதையும் வாங்கி மேசையில் பரப்பினார். "கடிதத்தை வாசிக்காதையும், கடிதங்களைப் பாரும்" என்றார். ஒன்பது உறைகளிலும் ஒரே தபாற் கந்தோரின் முத்திரை. ஏழில் ஒரே திகதி. ஒன்பது கடிதங்களிலும் முதலில் கிணற்றுக் கட்டு, பிறகு பாதை, அதற்குப் பிறகு வாசிகசாலை என்ற ஒரே வரிசை. ஒன்பது பேரும் ஒரே தலைவரைப் புகழலாம், அதில் வியப்பில்லை. ஆனால் ஒன்பது பேரும் ஒரே வாரத்தில், ஒரே ஒழுங்கில், ஒரே அளவில் புகழமாட்டார்கள். அன்று அந்தக் கட்டு முழுவதும் குப்பைக் கூடைக்குள் போயிற்று.

அந்த மேசை இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகின்றது. இணையக் கடைகளில் பொருட்களுக்கு எழுதப்படும் நுகர்வோர் மதிப்புரைகளில் இயந்திரம் எழுதியவை மலிந்துவிட்டன. அவற்றைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நமது பத்திரிகைகளும் இணையத்தளங்களும் வாரந்தோறும் 'ஐந்து அடையாளங்கள்', 'ஏழு அடையாளங்கள்' என்று எழுதித் தள்ளுகின்றன. மிகையான புகழ்ச்சி, பிழையற்ற இலக்கணம், ஒழுங்கான பந்தி, உயிரற்ற நடை. இவை இருந்தால் இயந்திரம் எழுதியதாம். சக தொழிலாளன் என்ற உரிமையுடன் சொல்கிறேன்: இந்த அறிவுரை பயனற்றது மட்டுமல்ல, அநியாயமானதும் கூட. அந்த அநியாயம் எனது வீட்டுக்குள்ளேயே நடந்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனது மூத்த அக்கா இலண்டனில் வசிக்கிறார். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடங்கள் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சென்ற வருடம் வீட்டில் வைத்து இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியொன்றை இணையக் கடையில் வாங்கினார். கடையின் பெயரும் கருவியின் பெயரும் இங்கு தேவையில்லை. ஏறத்தாழ நான்கு நட்சத்திரங்கள், பக்கம் பக்கமாகப் புகழுரைகள். கருவி நாள்தோறும் 130க்கு மேல் 82, 128க்கு மேல் 80 என்று காட்டிக்கொண்டிருந்தது. அக்காவும் மனநிறைவுடன் மூன்று வாரங்கள் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிட்டார். தலைச்சுற்று வந்து போனபோது தாதி அளந்து பார்த்தது 168க்கு மேல் 98. கருவியைக் கொண்டுபோய் அதே கதிரையில், அதே கையில், ஐந்து நிமிட இடைவெளி விட்டு அளந்தார்கள். அது 131க்கு மேல் 82 என்றது.

அக்கா ஆத்திரப்படவில்லை, எழுதினார். நடந்ததை முதலாவதாக, இரண்டாவதாக, முடிவாக என்று, தமது மாணவர்களுக்குக் கட்டுரை எழுதப் பழக்கிய அதே ஒழுங்கில், ஒரு காற்புள்ளியும் பிசகாமல் எழுதி ஒரு நட்சத்திரத்துடன் கடைக்கு அனுப்பினார். விதிமுறைகளுக்கு ஒவ்வாதது என்ற ஒற்றை வரியுடன் அது நிராகரிக்கப்பட்டது. எந்த விதி என்று சொல்லப்படவில்லை. அக்காவின் மகன், கணினித் துறையில் இருப்பவன், அந்த எழுத்தை 'இயந்திரமா மனிதரா' என்று நூற்றுவீதம் சொல்லும் தளமொன்றில் போட்டுப் பார்த்தான். தொண்ணூற்றுக்கு மேல் இயந்திரம் என்று வந்தது.

"அம்மா, நீங்கள் மெசின் மாதிரி எழுதுறீங்களாம்" என்று சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. "நான் எழுதினதுபோல மெசின் எழுதுதெண்டு சொல்லு" என்றார்.

உண்மையும் அதுவே. இந்த இயந்திரங்கள் அச்சேறிய ஒழுங்கான ஆங்கிலத்தை மலைமலையாக வாசித்துப் பழகியவை. ஆங்கிலத்தைப் புத்தகத்தில் கற்று, பிழை வந்துவிடக் கூடாது என்ற அச்சத்துடன், தெரிந்த சொற்களை மட்டும் அடுக்கி எழுதும் நம்மைப் போன்றவர்களின் எழுத்து இயல்பாகவே அதற்கு அருகில் நிற்கின்றது. இது எனது ஊகம் அல்ல. 2023 ஆம் ஆண்டில் ஸ்டான்பர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோபல் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளை இத்தகைய ஏழு கண்டறி கருவிகளுக்குக் கொடுத்தார்கள். மனிதர் எழுதிய அக்கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை அக்கருவிகள் இயந்திரத்தின் கணக்கில் எழுதின. அமெரிக்க மாணவர்களின் கட்டுரைகளில் அந்தத் தவறு மிகக் குறைவு. தொறன்ரோவிலும் பாரிசிலும் மெல்பேணிலும் இருந்து இதை வாசிக்கும் தமிழர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஒற்றை எழுத்தை வைத்துத் தீர்ப்பு வழங்கும் முறையில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுபவர்கள் நாம்தான்.

அப்படியானால் மனிதக் கண்ணாவது சரியாகப் பார்க்குமா? 2011 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தினர் இதைச் சோதித்தார்கள். சிக்காகோவின் 20 ஹொட்டேல்களைப் பற்றி, ஒன்றுக்கு ஒரு டொலர் கூலி கொடுத்து 400 பொய்ப் புகழுரைகளை மனிதரைக் கொண்டே எழுதுவித்தார்கள். அவற்றை 400 உண்மை உரைகளுடன் சேர்த்து, ஒரு பகுதியை மூன்று பேருக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். அவர்களில் சிறந்தவர் ஏறத்தாழ 62 சதவீதமே சரியாகச் சொன்னார். நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 கிடைக்கும். அது கூலிக்கு மனிதன் எழுதிய காலம். 2017 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தினர் உணவகங்களுக்கு இயந்திரத்தைக் கொண்டு எழுதுவித்தபோதும் வாசித்தவர்களால் பிரித்தறிய முடியவில்லை. இன்றைய இயந்திரங்களின் முன் 2017 இன் இயந்திரம் ஒரு குழந்தை.

அதே கோர்னெல் ஆய்வில், சொற்களை எண்ணிப் பார்த்த கணினி நிரல் ஏறத்தாழ 90 சதவீதம் சரியாகச் சொன்னது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அது ஆய்வுகூடத்துப் பொய். 2013 இல் பிங் லியுவும் அவரது சகாக்களும் அதே வகையான சொல்லெண்ணிக்கையை, யெல்ப் தளம் தானே ஒதுக்கிவைத்த உண்மையான சந்தேக உரைகளில் பரீட்சித்தார்கள். 90 என்பது 68 ஆகச் சரிந்தது. எழுத்தை விட்டு, எழுதியவரின் நடத்தையைக் கணக்கில் எடுத்தபோது அது 80 ஐத் தாண்டியது. ஒருவர் ஒரே நாளில் எத்தனை உரை எழுதினார், எத்தனை நட்சத்திரம் வழங்கினார், மற்றவர்களிலிருந்து எவ்வளவு விலகினார் என்பவை அந்த நடத்தை. விடை எந்தத் திசையில் இருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆனாலும் நாம் இன்றும் 'உயிரற்ற நடை' தேடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, மேசையில் பரப்பிப் பார்த்தால் என்ன தெரியும்? மருமகனையும் கூட்டிக்கொண்டு அக்காவின் கருவிக்கே அதைச் செய்து பார்த்தேன்.

நட்சத்திரம் மட்டும் போட்டு எழுத்து இல்லாதவற்றை விட்டுவிட்டோம். எழுத்துடன் இருந்தவை 186. திகதி, நட்சத்திரம், பெயர், உரை, சொற்களின் எண்ணிக்கை என்று ஐந்து நிரல்களில் எக்செல்லில் ஏற்றினோம். இரண்டு மாலைகள் பிடித்தன. வாசிக்கத் தொடங்குமுன் திகதி வரிசையில் அடுக்கினோம். இந்த ஒழுங்கு முக்கியமானது. முதலில் வாசித்தால் மனம் முடிவெடுத்துவிடும், பிறகு எண்கள் அந்த முடிவுக்குச் சேவகம் செய்யத் தொடங்கிவிடும்.

பதினான்கு மாதங்களில் வந்த 186 உரைகளில் 71 ஒன்பதே நாட்களுக்குள் வந்திருந்தன. மீதி 115 மற்றைய காலம் முழுவதும், வாரத்துக்கு இரண்டு என்ற கணக்கில் பரவியிருந்தன. அந்த ஒன்பது நாட்களில் மட்டும் நாளுக்கு எட்டு. அந்த 71 இல் 64 ஐந்து நட்சத்திரம், 5 நான்கு நட்சத்திரம், 2 ஒற்றை நட்சத்திரம். சராசரி 4.8. மீதி 115 இன் சராசரி 3.3. இரண்டையும் கலந்தால் 3.9. அக்கா பார்த்தது இந்த 3.9 ஐத்தான்.

இதை மட்டும் வைத்துக்கொண்டு கூச்சல் போடக் கூடாது. விலைக்கழிவு வந்தால் ஒரே வாரத்தில் பலர் வாங்குவார்கள், பலர் எழுதுவார்கள். ஆகவே அதே கடையில், அதே விலையில் விற்கும் இன்னொரு இரத்த அழுத்தக் கருவியை ஒப்பீட்டுக்கு எடுத்தோம். அதற்கு 240 உரைகள். அங்கும் ஒரு மேடு இருந்தது. ஆனால் அதன் நெரிசலான ஒன்பது நாட்களில் 14 உரைகள்தான். அதைவிட முக்கியம் மேட்டின் வடிவம். விலைக்கழிவினால் வரும் கூட்டம் மெல்லத் தேய்ந்து போகும். பொதி உடைந்து வந்தது, மின்கலம் இல்லை என்ற முறைப்பாடுகளையும் வழமையான அளவில் கொண்டுவரும். எங்கள் 71 சுவர்போல எழுந்து சுவர்போல நின்றது. பத்தாவது நாள் ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகுதான் வாசித்தோம். இங்கேதான் பழைய முறையும் புதிய பொய்யும் முட்டிக்கொள்கின்றன. 2008 இல் இதே பிங் லியுவும் அவரது மாணவரும் அமேசன் உரைகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஒரே சொற்களில் பல பெயர்களில் வந்த பிரதிகளையே பொய்யின் அடையாளமாகக் கொண்டார்கள். அன்றைய கூலிக்காரர் ஒன்றை எழுதிப் பத்து இடத்தில் ஒட்டினார். இன்றைக்கு அந்த வலை வீசினால் ஒரு மீனும் படாது. எங்கள் 71 இல் எந்த இரண்டிலும் ஒரே வாக்கியம் இல்லை. ஒவ்வொரு முறையும் புதிய சொற்களில் எழுதித் தருவது இயந்திரத்துக்குச் செலவில்லாத காரியம்.

ஆனால் சொல் மாறினாலும் எலும்புக்கூடு மாறவில்லை. 71 இல் 52 உரைகள் ஒரே பாதையில் நடந்தன. யாருக்காக வாங்கினேன் என்று தொடக்கம். பிறகு பெரிய எழுத்துகள், மென்மையான கைப்பட்டி, இருவரின் கணக்கை நினைவில் வைக்கும் வசதி, இதயத்துடிப்பு ஒழுங்கீனமானால் எச்சரிக்கை. இந்த நான்கும் இதே வரிசையில். விற்பனையாளரின் விளம்பரத்தைத் திறந்து பார்த்தோம். நான்கும் அதே வரிசையில் இருந்தன. மற்றைய 115 இல் இந்த வரிசை நான்கே நான்கு உரைகளில்தான்.

இன்னும் ஒன்று. நம்பகமாகத் தோன்ற வேண்டுமானால் ஒரு சிறு குறையும் சொல்ல வேண்டும் என்பது எனது கூட்டுறவுச் சங்கத் தலைவருக்கே தெரிந்த தந்திரம். 52 இல் 44 உரைகள் ஒரு குறை சொல்லின. கையேட்டின் எழுத்து சிறியது என்று 12, பை மெல்லியது என்று 11, ஒலி சற்று உரக்கக் கேட்கிறது என்று 11, மின்னிணைப்பு வயர் கூட வரவில்லை என்று 10. ஒரே பொருளை வாங்கிய மனிதர்கள் குறைகளை இப்படிச் சமபங்காகப் பிரித்துக்கொள்வதில்லை. உண்மையான குறை ஒன்று இருந்தால் எல்லோரும் அதிலேயே மோதுவார்கள். மீதி 115 இல் அப்படித்தான் நடந்திருந்தது: முறைப்பாடு செய்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் சொன்னது ஒன்றே, அளவு குறைவாகக் காட்டுகிறது என்று.

நீளத்தையும் பார்த்தோம். 71 இல் 58 உரைகள் 50 முதல் 80 சொற்களுக்குள் அடங்கின. 115 இல் அந்த அளவுக்குள் இருந்தவை 19 மட்டும்; மற்றவை இரண்டு சொற்களிலிருந்து நானூறு சொற்கள் வரை அலைந்தன. "பரவாயில்லை, வேலை செய்யுது" என்று ஒருவர். மருத்துவமனை, மனைவி, மருமகள் என்று குடும்ப வரலாறே எழுதிய இன்னொருவர். மனிதக் கூட்டம் அப்படித்தான் கலைந்து கிடக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக என்னை உறுத்தியது இருந்ததல்ல, இல்லாதது. இது இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. வாங்கியவர் முதலில் செய்வது அளந்து பார்ப்பது; இரண்டாவது செய்வது அந்த எண்ணை யாருக்காவது சொல்வது. 115 இல் 47 பேர் தமது எண்ணை எழுதியிருந்தார்கள்: மருத்துவமனையில் இவ்வளவு, இதில் இவ்வளவு என்று. 71 இல் மூன்று பேர் மாத்திரம். அந்த மூவரில் இருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள். மற்ற 68 பேரும் கருவியின் அழகை எல்லாம் சொன்னார்கள். அது என்ன காட்டியது என்று ஒருவரும் சொல்லவில்லை. விளம்பரத்தை வைத்து எழுதும் இயந்திரத்துக்கு விளம்பரத்தில் இல்லாதது தெரியாது. எண்ணையும் எழுது என்று ஏவியிருந்தால் அதையும் எழுதியிருக்கும். ஆனால் ஏவுகிறவருக்கு அது தோன்றவில்லை. அவரும் கருவியைக் கையால் தொட்டிருக்கமாட்டார்.

இதன் காரணத்தை எளிதாகச் சொல்லலாம். ஒரே கட்டளையை ஒரே இயந்திரத்துக்கு எழுபது முறை கொடுத்தால், அது எழுபது முறையும் ஒரு 'சராசரி வாடிக்கையாளரை' எழுதும். சராசரி வாடிக்கையாளர் ஒருவர் இருப்பதில் தவறில்லை. ஆகவே தனி உரை எதையும் பொய்யென்று நிறுவ முடியாது. ஆனால் எழுபது பேரும் சராசரியாக இருக்க முடியாது. பொய் எந்த ஓர் உரைக்குள்ளும் இல்லை. உரைகளுக்கு இடையே இருக்கின்றது.

கடைசியாக, எழுதியவர்களின் பெயரை அழுத்தி அவர்கள் வேறு எவற்றுக்கு எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தோம். 71 பேரில் 39 பேரின் பழைய உரைகளே பார்க்கக் கிடைத்தன. அந்த 39 பேரில் 21 பேர் அதே மாதத்தில் யாரும் அறியாத ஒரு மேசை விளக்குக்கும், யாரும் அறியாத ஒரு நாய்ச் சீப்புக்கும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். 115 பேரின் பக்கத்தில் பார்க்கக் கிடைத்த 60 பேரில் இப்படி ஒருவர்கூட இல்லை. முன்பின் தெரியாத இருவர் ஒரே பொருளை வாங்கலாம். 21 பேர் ஒரே மாதத்தில் அதே மூன்று பொருட்களை வாங்கி மூன்றையும் புகழ்வது தற்செயல் அல்ல. அங்கே ஒரு கூலிப்படை இருக்கின்றது.

எனது வாதத்தின் முதுகெலும்பு இதுதான். இயந்திரம் எழுத்தின் விலையைப் பூச்சியமாக்கிவிட்டது. கணக்கின் விலையை அது பூச்சியமாக்கவில்லை. கடைக்குச் சந்தேகம் வராத வாடிக்கையாளர் கணக்கு ஒன்றுக்கு முகவரி வேண்டும், பணம் செலுத்திய வரலாறு வேண்டும், வயது வேண்டும். அது விலை கூடிய சரக்கு. விலை கூடிய சரக்கை ஒரு முறை பாவித்து எறியமாட்டார்கள்; விளக்குக்கும் சீப்புக்கும் கருவிக்கும் அதையே திரும்பத் திரும்பப் பாவிப்பார்கள். அந்தத் திரும்புதலே அவர்களைக் காட்டிக்கொடுக்கின்றது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், முகநூல் குழுக்களில் கூலி உரைகள் வாங்கிய அமேசன் பொருட்களைப் பின்தொடர்ந்து 2022 இல் வெளியிட்ட ஆய்விலும், அப்பொருட்கள் பொதுவான எழுத்தாளர்களால் ஒன்றோடொன்று நெருக்கமாகப் பின்னப்பட்டிருந்ததே சிறந்த துப்பாக அமைந்தது. எழுத்தை வைத்துச் சண்டை பிடிப்பது, பொய்யனுக்குச் செலவே இல்லாத களத்தில் போய் நிற்பது. அவன் காசு செலவழிக்கும் களத்துக்கு நாம் மாற வேண்டும்.

எதிர்த்தரப்பின் நியாயங்களையும் சொல்லிவிடுகிறேன். இந்த முறை தனி மனிதரைக் குற்றம் சாட்ட உதவாது. அந்த 71 இல் உண்மையான சிலர் இருக்கிறார்கள்; இரண்டு ஒற்றை நட்சத்திரக்காரர்கள் நிச்சயம் கூலிக்காரர்கள் அல்லர். கூட்டத்தைச் சந்தேகிக்கலாம், கூட்டத்தில் நின்ற ஒருவரைப் பிடித்து அடிக்கக் கூடாது. ஒரு பொருளுக்கு ஏழெட்டு உரைகளே இருந்தால் இந்த முறையால் எதுவும் சொல்ல முடியாது. அவசரப்படாத விற்பனையாளர் வாரத்துக்கு இரண்டு என்று சொட்டுச் சொட்டாக விட்டால் மேடு தெரியாது. எலும்புக்கூட்டையும் பொதுக் கணக்குகளையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும், அதற்கு நீண்ட காலம் தேவை. வேற்று மொழிக்காரர் பலர் தமது உண்மை அனுபவத்தை இயந்திரத்தின் உதவியுடன் ஆங்கிலமாக்குவதும் உண்டு; அவர்களின் நடை ஒன்றுபோல இருக்கும், ஆனால் திகதிகளும் எண்களும் முறைப்பாடுகளும் கலைந்தே கிடக்கும். ஆகவே நடையின் ஒற்றுமையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. மூன்று நான்கு சான்றுகள் ஒரே 71 ஐச் சுட்டியபோதுதான் நாங்கள் வாய் திறந்தோம்.

இனி, யாருடன் எனது சண்டை என்று சொல்ல வேண்டும். நானும் மருமகனும் இரண்டு மாலைகளில், வெளியே தெரியும் துணுக்குகளை வைத்துக் கண்டதை, கடைக்காரர் ஒரு நொடியில் காணலாம். எந்தக் கணக்கு எப்போது திறக்கப்பட்டது, எந்த இணைய முகவரியிலிருந்து, எந்தக் கைத்தொலைபேசியிலிருந்து, யாருடைய பணத்தில் வாங்கப்பட்டது என்ற தகவல் எல்லாம் அவரிடம் இருக்கின்றது. எங்களிடம் இருந்தது ஒன்பது உறைகள். அவரிடம் இருப்பது தபாற் கந்தோரே. அதைக் கொண்டு எதையும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2022 இல் அமேசன் நிறுவனம் 10,000க்கு மேற்பட்ட முகநூல் குழுக்களை நடத்தியவர்கள் மீது வழக்குத் தொடர்ந்தது. ஆனால் நட்சத்திரத்தின் சராசரியைப் பெரிதாகப் போட்டுக் காட்டுபவர், அந்த நட்சத்திரங்கள் எந்தத் திகதிகளில் விழுந்தன என்ற ஒரு சிறு வரைபடத்தைப் பக்கத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்? அக்கா அந்தச் சுவரை ஒரு தடவை பார்த்திருந்தால் கருவியை வாங்கியிருக்கமாட்டார்.

வெளியிலிருந்து இந்த வேலையைச் செய்ய முயன்றவர்களும் குறைந்துகொண்டே போகிறார்கள். ஒரு பொருளின் உரைகளை மொத்தமாக ஆராய்ந்து தரம் போட்டுக் காட்டிய பேக்ஸ்பொட் என்ற சேவையை மொசில்லா நிறுவனம் 2023 இல் வாங்கி, 2025 யூலையில் மூடிவிட்டது. அதன் தீர்ப்புகள் எல்லாம் சரியென்று நான் வாதிடவரவில்லை. ஆனால் கூட்டத்தைப் பார்த்த கண் ஒன்று மூடப்பட, ஒற்றை எழுத்தைப் பார்த்து நூற்றுவீதம் சொல்லும் தளங்கள் பெருகுகின்றன.

சட்டங்கள் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2024 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்த விதி, இயந்திரம் எழுதிய பொய் உரைகளையும் தடுக்கின்றது. பிரித்தானியாவில் 2025 ஏப்ரலிலிருந்து பொய் உரைகள் சட்டவிரோதம். அவற்றைத் தடுக்கவும் அகற்றவும் நியாயமான நடவடிக்கை எடுக்கும் பொறுப்பு தளத்தை நடத்துபவர் மீதும் சுமத்தப்பட்டுள்ளது. எனது பயம் அந்த 'நியாயமான நடவடிக்கை' என்ற சொற்களில் இருக்கின்றது. செலவு குறைந்த நடவடிக்கை எது? ஒவ்வோர் எழுத்தையும் ஒரு கண்டறி கருவிக்குள் போட்டு, இயந்திரம்போல் தெரிவதை வெட்டுவது. அதைச் செய்துவிட்டு, சட்டத்துக்கு அடங்கினோம் என்று கணக்குக் காட்டலாம். அப்படி நடந்தால் சுதந்திரமாகச் சொல் மாற்றத் தெரிந்த 71 உள்ளே இருக்கும். ஒழுங்காக எழுதத் தெரிந்த அக்கா வெளியே இருப்பார். அக்காவின் உரை எதற்காக நிராகரிக்கப்பட்டது என்று எனக்குச் சொல்லப்படவில்லை. சொல்லப்படாததே எனது முறைப்பாடு. ஓர் உரையை அகற்றினால் எந்தச் சான்றின் பேரில் அகற்றினோம் என்று எழுதியவருக்கு அறிவிக்க வேண்டும்; எழுத்தின் நடை ஒருபோதும் தனிச் சான்றாக இருக்கக் கூடாது. இவ்வளவுதான் நான் கேட்பது.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் எக்செல்லில் ஏற்றத் தேவையில்லை. பொருளின் தலையில் தூக்கி வைத்திருக்கும் உரைகளை விட்டு, புதியவை முதலில் என்ற ஒழுங்கில் அடுக்குங்கள். திகதிகளை மட்டும் பார்த்துக்கொண்டு கீழே இறங்குங்கள். சுவர் தென்பட்டால் அந்த நாட்களை மூடிவிட்டு மீதியை வாசியுங்கள். அந்தப் பொருள் எதற்காகவோ அதைப் பற்றி, அளவுகருவியானால் அளவு, சப்பாத்தானால் தேய்மானம், எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று பாருங்கள். இரண்டு மூன்று பெயர்களை அழுத்திப் பாருங்கள். பத்து நிமிட வேலை. ஆனால் தனி ஓர் உரையைக் காட்டி இது இயந்திரம் எழுதியது என்று மட்டும் சொல்லாதீர்கள். அது எங்கோ ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையின் கையெழுத்தாக இருக்கலாம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே நெருப்பு என்றால் அது சரி. இங்கே வீட்டுச் சோற்றுக்குள் யாரோ கடைச் சோற்றைக் கொட்டிக் கிளறிவிட்டிருக்கிறார்கள். ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து இனிப் பயனில்லை. பானையைக் கவிழ்த்து, மேசையில் பரப்பித்தான் பார்க்க வேண்டும்.

அக்கா இப்போது வேறொரு கருவி வைத்திருக்கிறார். வாங்குவதற்கு முன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, திகதிகளைப் பார்த்தனியே?"